ரெக்கவரிக்கு முன்னால் டிஸ்க் இமேஜ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் கெட்டுப்போனவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். படிக்கத் திணறும் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது அங்கேதான் அதிகம். தெரிந்தவர் ஒருவரின் 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் என் கைக்கு வந்த கதை இடையிடையே வரும்.

டிஸ்க் இமேஜ்னா என்ன? முக்கியமான ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிக்கிட்டா போதாதா?

ஃபைல்களைக் காப்பி செய்யும்போது கம்ப்யூட்டர் முதலில் ஃபைல் சிஸ்டத்தைக் கேட்கிறது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று அது சொன்னால்தான் காப்பி நடக்கும். அந்த அட்டவணையே சிதைந்திருந்தால், அழிந்த ஃபைல்களும் பெயர் இழந்த ஃபைல்களும் உங்கள் கண்ணுக்கே படாது. இமேஜ் எடுப்பது வேறு மாதிரி. டிஸ்க் முழுக்க செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, உள்ளே இருப்பது என்னவென்று பார்க்காமல் அப்படியே ஒரே பெரிய ஃபைலாக எழுதி வைக்கிறோம். பார்ட்டிஷன் அட்டவணை, காலி இடம், அழித்த ஃபைல்களின் மிச்சம் எல்லாம் அதில் வந்துவிடும்.

அதன்பிறகு எந்த ரெக்கவரி வேலையும் அந்த ஃபைலின் மேல்தான். அசல் டிஸ்க் கழற்றப்பட்டு மேஜையில் கிடக்கும்.

டிஸ்க் சத்தமில்லாமல் சரியாக ஓடுகிறது, ஃபோல்டரும் திறக்கிறது, ஒரு சந்தேகத்துக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் தாராளமாக ஃபோல்டரை முதலில் காப்பி செய்துகொள்ளுங்கள். திணறும் டிஸ்க்கில் அதைச் செய்ய வேண்டாம். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் காப்பி செய்யும்போது, தட்டைப் படிக்கும் முனையான ஹெட் அங்குமிங்கும் ஓடுகிறது. கெட்ட இடத்தில் மாட்டினால் விண்டோஸ் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும்.

நேரா ரெக்கவரி சாஃப்ட்வேரை ஓட்டினா என்ன ஆயிடும்? அது படிக்கத்தானே செய்யுது, எழுதலையே?

எழுதாது என்பது சரி. ஆனால் படிப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. நான் சொன்ன 500 ஜிபி டிஸ்க்கின் உரிமையாளர் ஒரு ரெக்கவரி மென்பொருளை இரண்டு நாள் ஓட்டியிருந்தார். இரண்டு முறையும் 41 சதவீதத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை அது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. அதாவது அந்த டிஸ்க்கின் முதல் 200 ஜிபி இரண்டு தடவை படிக்கப்பட்டும் ஒரு பைட்கூட வெளியே பத்திரமாகப் போய்ச் சேரவில்லை. மீதி 300 ஜிபியை யாரும் தொடவே இல்லை.

பலவீனமான டிஸ்க்கில் ஒவ்வொரு முறை படிப்பதும் மிச்சமிருக்கும் ஆயுளிலிருந்து போகிறது. அதனால் படிக்கிற எதையும் அந்தக் கணமே வேறு இடத்தில் எழுதிவைக்க வேண்டும். இமேஜ் எடுக்கும் கருவி அதைத்தான் செய்கிறது. ரெக்கவரி மென்பொருள் ஸ்கேன் செய்து, பட்டியல் காட்டி, நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகு மறுபடியும் டிஸ்க்குக்குப் போய்ப் படிக்கிறது. இமேஜ் கையில் இருந்தால் ஒன்றுக்குப் பத்து மென்பொருளை முயன்று பார்க்கலாம், டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது.

டிஸ்க்கைச் செருகினதும் விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணட்டுமா"ன்னு கேட்குது. chkdsk போட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?

ஃபார்மேட் வேண்டாம் என்று சொல்லி மூடிவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். `chkdsk` உங்கள் ஃபைல்களை மீட்கும் கருவி அல்ல. ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவதுதான் அதன் வேலை. ஒரு ஃபோல்டரின் பதிவு படிக்க முடியாமல் இருந்தால், அந்தப் பதிவை நீக்கிவிட்டுக்கூட "சரிசெய்துவிட்டேன்" என்று அது சொல்லும். அந்த மாற்றம் டிஸ்க்கிலேயே எழுதப்படுகிறது, திரும்பப் பெற வழி கிடையாது. `chkdsk` போடத்தான் வேண்டுமென்றால் இமேஜின் நகலில் போட்டுப் பாருங்கள். தப்பாகப் போனால் அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இமேஜ் வைக்க எவ்வளவு இடம் வேணும்? டிஸ்க்ல 60 ஜிபிதான் டேட்டா இருக்கு.

எவ்வளவு டேட்டா இருக்கிறது என்பது கணக்கில் வராது, டிஸ்க்கின் முழு அளவும் வேண்டும். 500 ஜிபி டிஸ்க் என்றால் பெரும்பாலும் 500,107,862,016 பைட். இதே அளவுள்ள இன்னொரு 500 ஜிபி டிஸ்க்கில் இந்த ஃபைல் அடங்காது, அதன் ஃபைல் சிஸ்டத்துக்கே கொஞ்சம் இடம் போய்விடும். குறைந்தது 1 டிபி வைத்துக்கொள்ளுங்கள். மீட்ட ஃபைல்களுக்கும், இமேஜின் இன்னொரு நகலுக்கும் இடம் வேண்டுமென்றால் 2 டிபி. இந்த வேலையில் செலவு என்று இருப்பது அநேகமாக இந்த ஒன்றுதான்.

எழுதப்போகும் டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், `ext4` எதுவும் சரி.

எந்த மென்பொருள்? விண்டோஸ்லயே முடியாதா? `dd` கமாண்ட் போதும்னு ஒருத்தர் சொன்னார்.

டிஸ்க் நன்றாக இருந்து, தவறுதலாக அழித்த ஃபைலுக்காக மட்டும் இமேஜ் எடுக்கிறீர்கள் என்றால் விண்டோஸில் எஃப்டிகே இமேஜர், டிஎம்டிஇ போன்றவை போதும். டிஸ்க் படிக்கத் திணறினால், நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் `ddrescue`. விண்டோஸ் ஒரு டிஸ்க்கைப் பார்த்ததும் தானாக மவுண்ட் செய்து, அதாவது ஃபைல்கள் தெரியும்படி இணைத்து, உள்ளே எட்டிப்பார்க்கும், சில சமயம் எழுதவும் செய்யும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸ் தானாக எதையும் மவுண்ட் செய்வதில்லை, `ddrescue`-வும் அதிலேயே இருக்கிறது. உபுண்டு, டெபியனில் நிறுவும்போது பேக்கேஜின் பெயர் `gddrescue`, கமாண்ட் `ddrescue`. `dd_rescue` என்று இன்னொன்று இருக்கிறது. அது வேறு ஆள் எழுதிய வேறு நிரல், குழம்பிவிடாதீர்கள்.

`dd` முதல் பிழையிலேயே நின்றுவிடும். நிற்காமல் இருக்க `conv=noerror` போடுவார்கள். கூடவே `sync` போட மறந்தால் படிக்க முடியாத இடம் விடுபட்டு, அதற்குப் பின்னால் வரும் எல்லாமே முன்னே நகர்ந்துவிடும். ஃபைல் சிஸ்டம் ஒரு முகவரியைச் சொல்ல, அங்கே வேறு ஏதோ இருக்கும். எல்லாம் சரியாகப் போட்டாலும்கூட `dd` வரிசையாகத்தான் போகும், கெட்ட இடம் வந்தால் அங்கேயே மல்லுக்கட்டும். `ddrescue` அந்த இடத்தைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் அள்ளிவிட்டுக் கடைசியில்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறது. டிஸ்க் நடுவில் உயிரை விட்டாலும் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும்.

எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க்னு மாத்திப் போட்டுட்டா எல்லாம் போயிடுமே? பயமா இருக்கு.

அந்தப் பயம் நியாயமானதுதான். முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL,MOUNTPOINT
```

அளவு, மாடல், சீரியல் நம்பர் மூன்றையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒத்துப்பாருங்கள். பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன்களுக்கு நேரே மவுண்ட் இடம் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் `umount` செய்யுங்கள். அப்புறம் `/dev/sdb` என்ற பெயரை நம்ப வேண்டாம், கேபிளைக் கழற்றிச் செருகினால் அதுவே `/dev/sdc` ஆகிவிடும். `/dev/disk/by-id/` ஃபோல்டரில் மாடலும் சீரியலும் சேர்ந்த பெயர் இருக்கும், அது மாறாது. `-part1` என்று முடியாத பெயராகப் பார்த்து எடுங்கள். ஒரு பார்ட்டிஷன் மட்டும் போதாது, முழு டிஸ்க்கும் வேண்டும்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராக எழுத வேண்டுமென்றால் `ddrescue` `-f` கேட்கும். நாம் ஃபைலுக்குத்தான் எழுதுகிறோம், அதனால் `-f` தேவையே இல்லை. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டாலும், `-f` இல்லாதவரை அது டிஸ்க்கின் மேல் எழுத மறுத்துவிடும். இணையத்தில் எங்கேயோ பார்த்த கமாண்டில் `-f` இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள்.

சரி, என்னென்ன கமாண்ட் வரிசையா போடணும்?

அந்த 500 ஜிபி டிஸ்க்குக்கு நான் செய்ததையே சொல்கிறேன். முதலில் `smartctl -a` போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். யுஎஸ்பி பெட்டியில் இருந்ததால் கூடவே `-d sat` தேவைப்பட்டது. அதில் `Current_Pending_Sector` வரியில் 312 என்றிருந்தது. படிக்க முடியவில்லை என்று டிஸ்க்கே ஒப்புக்கொண்ட செக்டர்கள் அவை. வேலை முடிந்தபோது அந்த எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. படிக்கப் படிக்கத்தான் கெட்டது தெரியவரும், ஆகவே ஆரம்பத்தில் சின்ன எண் என்று ஏமாற வேண்டாம். நீண்ட சுயபரிசோதனை எதையும் ஓட்டவும் வேண்டாம், அதுவும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கிற வேலைதான்.

அடுத்து 2 டிபி டிஸ்க்கை மவுண்ட் செய்து, அதற்குள் போய் முதல் சுற்று:

```
cd /mnt/target
sudo ddrescue -d -n /dev/disk/by-id/usb-PAZHAYA_DISK disk.img disk.map
```

`usb-PAZHAYA_DISK` இருக்கும் இடத்தில் உங்கள் பழைய டிஸ்க்கின் `by-id` பெயரைப் போடுங்கள். `-d` போட்டால் லினக்ஸின் கேஷ் குறுக்கே வராமல் டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும். `-n` என்றால் கெட்ட பகுதிகளை இப்போது செக்டர் செக்டராகச் சுரண்ட வேண்டாம் என்று அர்த்தம். ஐந்து மணி நேரத்தில் 99.98 சதவீதம் வந்துவிட்டது. பாக்கி 62 எம்பி. மென்பொருள் இரண்டு நாள் நின்ற அதே 41 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் அதில் பெரும்பகுதி கிடந்தது. அதன்பிறகு `-n` இல்லாமல் அதே கமாண்ட், அதே ஃபைல் பெயர்கள். இந்த 62 எம்பிக்கு மட்டும் 11 மணி நேரம் ஆனது, கடைசியில் 5.2 எம்பி மிஞ்சியது. மூன்றாவதாக `-r3` சேர்த்து, அதாவது கெட்டதை இன்னும் மூன்று முறை முயலச் சொல்லி ஒரு நாள் முழுக்க ஓட்டியதில் 4.4 எம்பிக்கு இறங்கியது. ஒரு நாள் உழைத்து 0.8 எம்பி. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ஓர் எச்சரிக்கை. லைவ் யுஎஸ்பியில் `cd` செய்ய மறந்துவிட்டால், அல்லது எழுதும் டிஸ்க் உண்மையில் மவுண்ட் ஆகியிருக்காவிட்டால், இமேஜ் ரேமில் எழுதப்பட்டு கொஞ்ச நேரத்தில் இடமில்லை என்று நின்றுபோகும். ஆரம்பிக்கும் முன் `df -h .` போட்டு எவ்வளவு இடம் காட்டுகிறது என்று பாருங்கள்.

அந்த `disk.map` எதுக்கு? இமேஜ் இருந்தா போதாதா?

அது இல்லாவிட்டால் `ddrescue` போடுவதில் பாதிப் பயன் போய்விடும். எந்தப் பகுதி வந்துவிட்டது, எது பாக்கி என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், திறந்து பார்க்கலாம். சுரண்டல் நடந்துகொண்டிருந்தபோது அதிலிருந்த நாலு வரி:

```
0x2E8A000000  0x00400000  +
0x2E8A400000  0x00001000  -
0x2E8A401000  0x0001F000  /
0x2E8A420000  0x00200000  +
```

முதல் எண் இடம், இரண்டாவது நீளம், கடைசிக் குறி நிலைமை. `+` என்றால் வந்துவிட்டது. `-` என்றால் படித்துப் பார்த்தாயிற்று, வரவில்லை. `/` இன்னும் சுரண்ட வேண்டியது. இங்கே கெட்டது என்று முடிவானது 0x1000, அதாவது 4096 பைட் மட்டும்தான். தொடவே தொடாத இடத்துக்கு `?` குறி.

பாதியில கரண்ட் போச்சு, இல்ல கேபிள் கழண்டுடுச்சுன்னா முதல்லேர்ந்தா?

இல்லை. அதே கமாண்டை அப்படியே மறுபடியும் கொடுங்கள். மேப் ஃபைலைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்களாக நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல் சி. மேப் ஃபைலின் பெயரை விட்டுவிட்டோ மாற்றியோ கொடுத்தால்தான் முதலிலிருந்து போகும்.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில். கேபிளைத் திரும்பச் செருகிய பிறகு `/dev/sdb` என்ற பெயர் இன்னொரு டிஸ்க்குக்குப் போயிருக்கலாம். `ddrescue` சந்தேகப்படாமல் அந்த வேறு டிஸ்க்கிலிருந்து படித்து உங்கள் இமேஜின் பாக்கி இடங்களை நிரப்பிவிடும். மேலே `by-id` பெயரைப் பயன்படுத்தச் சொன்னது இதற்காகவும்தான்.

வேகம் 80 எம்பியில இருந்து சில கேபிக்கு விழுந்துடுச்சு. காத்திருக்கவா, நிறுத்தவா?

திரையில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். `rescued` கூடிக்கொண்டே இருக்கிறதா, `time since last successful read` எவ்வளவு காட்டுகிறது. கெட்ட இடத்தைக் கடக்கும்போது வேகம் விழுவது சகஜம், கொஞ்ச நேரத்தில் தாண்டிவிடும். 500 ஜிபியை 80 எம்பி வேகத்தில் படித்து முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதுவே டிஸ்க் முழுக்க நொடிக்கு 1 எம்பி என்று நிலைத்துவிட்டால் கிட்டத்தட்ட ஆறு நாள்.

கடைசியாகப் படித்து பல நிமிடம் ஆகிவிட்டது, பிழைகளின் எண்ணிக்கை மட்டும் மளமளவென்று ஏறுகிறது என்றால் டிஸ்க் தொங்கிவிட்டது. படிக்க முயலாமலேயே எல்லாவற்றையும் அது "கெட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். உடனே கண்ட்ரோல் சி கொடுத்து, டிஸ்க்கின் மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறவிட்டு மறுபடி தொடருங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தொங்கினால் `-R` சேர்த்துக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லலாம். டிஸ்க்குக்கு நேராக ஒரு சின்ன மின்விசிறி வைப்பது நல்லது. ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் வேண்டாம், ஈரம் படிந்து இருப்பதும் போய்விடும்.

டிஸ்க்ல "டக் டக்"னு சத்தம் வருது. இமேஜ் எடுக்கலாமா?

வேண்டாம், உடனே நிறுத்துங்கள். அந்தச் சத்தம் வந்தால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். கீழே விழுந்து இப்படி ஆகியிருந்தால் ஹெட் தட்டின் மேல் உரசிக்கொண்டிருக்கவும் கூடும், ஓடும் ஒவ்வொரு நொடியும் டேட்டா தூளாகிறது. டிஸ்க் கண்ணுக்கே தெரியவில்லை, அல்லது அளவு பூஜ்யம் என்று காட்டுகிறது என்றாலும் `ddrescue` ஒன்றும் செய்ய முடியாது. சுத்தமான அறை உள்ள டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். அவர்களும் டிஸ்க்கை ஓட வைத்த பிறகு முதலில் செய்வது இமேஜ் எடுப்பதுதான்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து பிரிச்சு நேரா சாட்டா கேபிள்ல போட்டா வேகமா இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும், தொங்குவதும் குறையும். ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும். சில பெட்டிகளின் யுஎஸ்பி போர்டு, நீங்கள் பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டாலும், டேட்டாவை என்கிரிப்ட் செய்துதான் டிஸ்க்கில் எழுதுகிறது. நேராகப் படித்தால் வெறும் குப்பைதான் வரும். இன்னும் சில பெட்டிகள் 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிக் காட்டுகின்றன, நேராக எடுத்த இமேஜில் பார்ட்டிஷன் அட்டவணையின் கணக்கு அப்போது பொருந்தாது. எனவே பெட்டியோடு ஒழுங்காகப் படிக்கிறதென்றால் பிரிக்காதீர்கள். பிரித்தால் அந்த போர்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

இமேஜ் வந்தாச்சு. இப்ப ஃபைலை எப்படி எடுக்கிறது?

முதலில் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பிறகு இமேஜைப் படிக்க மட்டும் முடிகிற டிஸ்க்காக மாற்றலாம்:

```
sudo losetup -r -f -P --show disk.img
sudo mkdir -p /mnt/img
sudo mount -o ro /dev/loop0p1 /mnt/img
```

முதல் கமாண்ட் `/dev/loop0` என்பது போல ஒரு பெயரைச் சொல்லும், கடைசி வரியில் அதைப் போடுங்கள். `ext4` என்றால் `-o ro,noload` போட வேண்டும். வெறும் `ro` என்றால் ஜர்னலை ஓட்டிப் பார்க்க முயலும், எழுத இடமில்லாமல் மவுண்ட் தோற்றுவிடலாம்.

எனக்கு இங்கே ஆச்சரியம் காத்திருந்தது. விண்டோஸ் ஃபார்மேட் கேட்ட அதே பார்ட்டிஷன் இமேஜிலிருந்து முதல் முயற்சியிலேயே திறந்துகொண்டது. ஃபைல் சிஸ்டம் பெரிதாகக் கெடவே இல்லை. டிஸ்க் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை விண்டோஸால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ரெக்கவரி மென்பொருள் எதுவும் தேவைப்படாமல் வெறும் காப்பியிலேயே வேலை முடிந்தது. திறக்காவிட்டால் `testdisk disk.img`, அதுவும் உதவாவிட்டால் `photorec disk.img`. ஃபோட்டோரெக் ஃபைல் பெயர்களையும் ஃபோல்டர்களையும் திருப்பித் தராது, அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன அந்த 4 எம்பி எந்த ஃபைல்ல விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இமேஜில் வராத இடங்கள் பூஜ்யமாக இருக்கும். ஒரு ஃபைலுக்குள் பூஜ்யம் இருந்தால் அது இயல்பானதா, கெட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கெட்ட இடங்களில் நாமே ஒரு அடையாளத்தை எழுதிவிடலாம். இமேஜ், மேப் இரண்டையும் நகலெடுத்து, நகலில் மட்டும்:

```
printf "KETTA-SECTOR " > mark.txt
ddrescue --fill-mode=- mark.txt work.img work.map
```

`-` குறியுள்ள எல்லா இடத்திலும் இந்தச் சொல் நிரம்பிவிடும். பிறகு `work.img`-ஐ மேலே சொன்னபடி மவுண்ட் செய்து இப்படித் தேடினால் பட்டியல் வந்துவிடும்:

```
grep -rl "KETTA-SECTOR" /mnt/img
```

அந்த டிஸ்க்கில் 19 ஃபைல்கள் வந்தன. 14 படங்கள், 3 வீடியோக்கள், 2 ஜிப் ஃபைல்கள். மற்ற கெட்ட செக்டர்கள் காலி இடத்தில் விழுந்திருந்தன. படங்களில் பெரும்பாலானவை மேல் பாதி நன்றாக இருந்து, ஒரு கோட்டுக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. வீடியோக்கள் ஒரு நொடி சிதறிவிட்டு ஓடின. ஜிப் ஒன்று திறக்கவே இல்லை. உரிமையாளரிடம் "எல்லாம் வந்துவிட்டது" என்று சொல்லாமல் இந்த 19 பெயர்களைக் கொடுத்தேன். அதில் எட்டுப் படங்கள் அவர் ஃபோனில் ஏற்கெனவே இருந்தன.

டெஸ்ட்டிஸ்க் இமேஜுக்குள்ளயே எழுதிடுமா? இன்னொரு நகல் வைக்க இடமில்லை.

பார்ட்டிஷன் அட்டவணையை எழுதச் சொன்னால் எழுதும். பட்டியல் பார்த்து ஃபைல்களை வெளியே எடுப்பது மட்டும் என்றால் எழுதாது. இடமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இமேஜின் மேல் ஒரு மெல்லிய ஏட்டைப் போர்த்துவது போல:

```
sudo chmod a-w disk.img
qemu-img create -f qcow2 -b disk.img -F raw work.qcow2
sudo modprobe nbd max_part=8
sudo qemu-nbd -c /dev/nbd0 work.qcow2
```

இனி `/dev/nbd0`-இல் என்ன எழுதினாலும் அது `work.qcow2`-க்குள் போகும், `disk.img` மாறாது. மாற்றிய அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். பிடிக்கவில்லையா, `qemu-nbd -d /dev/nbd0` கொடுத்துத் துண்டித்துவிட்டு அந்தச் சின்ன ஃபைலை அழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாம்.

எஸ்எஸ்டியில தெரியாம டிலீட் பண்ணிட்டேன். இமேஜ் எடுத்தா கிடைக்குமா?

அநேகமாகக் கிடைக்காது. ஃபைலை அழித்ததும் இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது, அதற்கு ட்ரிம் என்று பெயர். அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும், இமேஜிலும் அதேதான் பதிவாகும். ட்ரிம் போகாத பழைய யுஎஸ்பி பெட்டியில் இருந்திருந்தால் வாய்ப்பு உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் அழித்தவர்கள் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் இமேஜ் எடுத்தால் நல்ல வாய்ப்பு. ரெக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தேடப்போகிற ஃபைலின் மேலேயே அது உட்கார்ந்துவிடும்.

பிட்லாக்கர் போட்ட டிஸ்க் இமேஜ் எடுத்தா லாக் போயிடுமா?

போகாது. பூட்டு பூட்டாகவே வரும். 48 இலக்க ரெக்கவரி கீ இருந்தால் இமேஜை `dislocker` கொண்டு திறக்கலாம். கீ இல்லையென்றால் இமேஜ் முழுசாக வந்தும் பயனில்லை. இமேஜ் எடுக்க மட்டும் கீ தேவையில்லை. டிஸ்க் செத்துக்கொண்டிருந்தால் முதலில் எடுத்துவிட்டு, கீயை அப்புறம் தேடலாம்.

ஃபோன்லேயும் இதே மாதிரி பண்ணலாமா?

மெமரி கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் தாராளமாக. ஃபோனின் உள் சேமிப்பு யுஎஸ்பியில் டிஸ்க்காகத் தெரியாது, ஃபைல் பட்டியலாகத்தான் தெரியும். அதனால் அதற்கு இந்த வழி இல்லை.

இமேஜ் எடுத்த பிறகு பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி மறுபடி யூஸ் பண்ணலாமா?

ஃபார்மேட் செய்து எழுதினால் கெட்ட செக்டர்களை டிஸ்க் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளும், `Current_Pending_Sector` பூஜ்யத்துக்கு வந்து எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். நான் நம்ப மாட்டேன். மீட்ட ஃபைல்களை உரிமையாளர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்கும் வரை டிஸ்க், இமேஜ், மேப் மூன்றையும் வைத்திருப்பேன். அந்த 500 ஜிபி டிஸ்க்குக்கு அது மூன்று வாரம் ஆனது. நடுவில் ஒரு நாள் அவர், திறக்காத அந்த ஜிப்பை இன்னொரு முறை முயன்று பார்க்கலாமா என்று கேட்டார். மேப் ஃபைல் இருந்ததால் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பாக்கி 4.4 எம்பியை மட்டும் `-r3 -R` போட்டு ஓட்டினேன். இன்னும் 40 கேபி வந்தது. ஜிப் திறக்கவில்லை.